டெல்மிசார்டனை நிறுத்தி நான்கு நாள் சும்மா இருந்தேன்

எனக்கு 29 வயதில் பிபி வந்தது. வந்தது என்பதைவிடக் கண்டுபிடித்தார்கள் என்பது சரி. தரமணியில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் வருடாந்திர உடல் பரிசோதனை நடந்தபோது 156/100 காட்டியது. மடிப்பாக்கத்தில் எங்கள் தெருமுனையில் இருக்கும் பொது மருத்துவரிடம் போனேன். இரண்டு வாரம் பார்த்துவிட்டு, டெல்மிசார்டன் 40 மில்லிகிராமும் ஹைட்ரோகுளோரோதையஸைடு 12.5 மில்லிகிராமும் சேர்ந்த ஒரே மாத்திரையை எழுதினார். தினமும் காலையில் ஒன்று. அருமையாகக் கேட்டது. மூன்றரை வருடம் 124/80க்கு மேல் போகவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவரைப் பார்ப்பேன், "சரிம்மா, அதையே கண்டினியூ பண்ணுங்க" என்பார். நடுவில் எனக்குக் கல்யாணம் ஆனது அவருக்குத் தெரியும், பத்திரிகை வைத்தது நான்தான். ஆனால் குழந்தைக்கு எதிர்பார்க்கிறீர்களா என்று அவர் கேட்கவில்லை. இந்த மாத்திரைக்கும் கர்ப்பத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்கும் தோன்றவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை வீட்டிலேயே டெஸ்ட் எடுத்துப் பார்த்தேன், இரண்டு கோடு. கணக்குப் போட்டால் ஆறு வாரம். கணவர் மஸ்கட்டில். போனில் இரண்டு பேரும் அழுதோம், சிரித்தோம். ராத்திரி பத்து மணிக்குச் சும்மா படுத்துக்கொண்டு மாத்திரையின் பெயரைப் போட்டுத் தேடினேன். 'கர்ப்பத்தில் எடுக்கக் கூடாது, சிசுவின் சிறுநீரகத்தைப் பாதிக்கும், உயிருக்கே ஆபத்து' என்று திரும்பின பக்கமெல்லாம் இருந்தது. அன்று காலையிலும் அந்த மாத்திரையைப் போட்டிருந்தேன். அந்த இரவை இப்போது நினைத்தாலும் வயிறு பிசையும். மறுநாளிலிருந்து மாத்திரையைத் தொடவில்லை. மருந்துக்கடைத் தம்பியிடம் கேட்டேன், "மாசமா இருக்கும்போது எந்த மாத்திரையும் வேணாங்க்கா, நிறுத்திடுங்க" என்றார். மகப்பேறு மருத்துவரிடம் செவ்வாய்க்கிழமை மாலைதான் அப்பாயின்ட்மென்ட் கிடைத்தது. அதுவரை பொறுக்கலாம் என்று நினைத்தேன்.

திங்கள் மதியமே பின்மண்டை கனக்க ஆரம்பித்தது. செவ்வாய் மாலை நர்ஸ் பார்த்தபோது 168/104. மறுபடி பார்த்தார், 164/102. உடனே உள்ளே கூப்பிட்டார்கள். மருத்துவர் சொன்னது எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது: "டெல்மிசார்டனை நிறுத்தினது சரி. அந்த இடத்துல வேற மாத்திரை எதுவும் இல்லாம நிறுத்தினதுதான் தப்பு. வெள்ளிக்கிழமையே ஒரு போன் பண்ணியிருந்தா, அன்னிக்கே மாத்தியிருப்பேன்." நான் சொல்ல வந்ததில் பாதி இதுதான். டெஸ்டில் கோடு தெரிந்த அன்றோ மறுநாளோ மாத்திரை மாற வேண்டும். பழையது நிற்கும் நாளே புதியது ஆரம்பமாக வேண்டும். அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை என்றால் பழைய மருத்துவரிடமே போகலாம், எந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கும் போகலாம். இதற்கெல்லாமா அவசரப் பிரிவு என்று கூச்சப்பட்டுத்தான் நான் நான்கு நாளை வீணடித்தேன்.

அப்புறம் எந்த மாத்திரை ஏன் ஆகாது என்று அவர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். என் கையில் இருந்தது ஒரே மாத்திரை, உள்ளே இரண்டு மருந்து. டெல்மிசார்டன், லோசார்டன், ஓல்மிசார்டன் என்று '-சார்டன்' என்று முடிவது எல்லாம் ஒரு குடும்பம். எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் என்று '-ப்ரில்' என்று முடிவது அதன் பங்காளிக் குடும்பம். இந்த இரண்டு குடும்பமும் கர்ப்பத்தில் கூடாது. நான்காம் மாதத்துக்கு மேல் குழந்தையைச் சுற்றியிருக்கும் பனிநீரில் பெரும்பகுதி குழந்தை கழிக்கும் சிறுநீர்தான். இந்த மருந்துகள் நஞ்சுக்கொடி வழியாகப் போய்க் குழந்தையின் சிறுநீரகத்தை வேலை செய்யவிடாமல் செய்யும். சிறுநீர் குறைந்தால் பனிநீர் வற்றும், பனிநீர் வற்றினால் நுரையீரல் வளராது, மண்டை ஓட்டு எலும்பும் சரியாக இறுகாது. மாத்திரையில் இருந்த இரண்டாவது மருந்து நீர் போகச் செய்வது. அது சார்டன் அளவுக்கு அபாயமில்லை. ஆனாலும் கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு கூட வேண்டிய நேரத்தில் நீரை வெளியேற்றுவது உகந்ததல்ல என்று பெரும்பாலும் நிறுத்திவிடுவார்களாம். அடினோலால் போடுகிறவர்களுக்கும் மாற்றுவார்கள், அது குழந்தையின் வளர்ச்சியைக் குறைக்கக்கூடும். கடையில் விற்கும் பெயரைப் பார்த்தால் இதில் ஒன்றும் புரியாது. அட்டையின் பின்னால் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைத்தான் படிக்க வேண்டும். நான் மூன்றரை வருடம் விழுங்கிய மாத்திரைக்குள் இரண்டு மருந்து இருந்ததே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"ஆறு வாரம் போட்டுட்டேனே டாக்டர்?" என்று கேட்டேன். அதற்குள் விஷயம் தெரிந்த ஓர் அத்தை போன் செய்து, "குறையோட பொறந்தா என்ன பண்ணுவ, இப்பவே கலைச்சுடு, அடுத்தது பாத்துக்கலாம்" என்று சொல்லி முடித்திருந்தார். மருத்துவர் அதைக் கேட்டுக் கோபப்படவில்லை, நிதானமாக விளக்கினார். இந்த மருந்தின் பெரிய கெடுதல் நான்காம் மாதத்துக்கு மேல்தான். முதல் சில வாரங்களில் போட்டதால் மட்டும் குறை வருமா என்பதில் ஆராய்ச்சிகள் ஒத்துப்போகவில்லை. பிபி அதிகமாக இருப்பதே இதயக் குறைக்கான வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும் என்பதால், குற்றம் மருந்துடையதா பிபியுடையதா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆகவே தெரியாமல் போட்டது கருவைக் கலைக்கக் காரணமில்லை, கவனமாக ஸ்கேன் பார்க்கத்தான் காரணம் என்றார். என் விஷயத்தில் 12ஆம் வாரத்தில் என்.டி. ஸ்கேன், 20ஆம் வாரத்தில் அனாமலி ஸ்கேன், 22ஆம் வாரத்தில் குழந்தையின் இதயத்துக்குத் தனி எக்கோ என்று போனது. மூன்றுக்கும் சேர்த்து 9,800 ரூபாய். மூன்றும் நன்றாகவே இருந்தன. ஆனால் அந்த 22 வாரம் வரை நான் ஒருநாளும் முழுதாகத் தூங்கவில்லை. அத்தையிடம் இன்றுவரை நான் சரியாகப் பேசவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கர்ப்பத்தில் வழக்கமாகக் கொடுக்கும் மாற்று மாத்திரைகள் மூன்று: லேபடலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா. எனக்கு முதலில் லேபடலால் 100 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று. ஒரு வாரத்தில் 150/96க்கு இறங்கியது, போதவில்லை என்று 200 ஆக்கினார். இங்கேதான் என்னுடைய இரண்டாவது தவறு. முதல் நாள் கொடுத்த படிவத்தில் 'ஆஸ்துமா உண்டா' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று போட்டிருந்தேன். சின்ன வயதில் இளைப்பு இருந்தது, பத்தாம் வகுப்பு வரை பம்ப் அடித்தேன். அதன்பின் வரவில்லை, அதனால் இல்லை என்றுதானே எழுத வேண்டும்? லேபடலால் பீட்டா பிளாக்கர் வகை. இளைப்பு உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். அளவைக் கூட்டிய மூன்றாம் நாள் இரவு வறட்டு இருமல், அப்புறம் மார்பில் விசில் சத்தம். அதிகாலை இரண்டு மணிக்குக் கீழ்வீட்டு ஆன்ட்டியை எழுப்பி, ஆட்டோ பிடித்துப் போய் நெபுலைசர் வைத்துக்கொண்டு காலை ஏழுக்குத் திரும்பினேன். ஒரு ராத்திரிக்கு 6,400 ரூபாய். ஒரு மாதத்துக்கென்று வாங்கி வைத்த லேபடலாலில் மிச்சம் இருந்தது சுமார் ஆயிரம் ரூபாய்க்கு. அட்டையை வெட்டிக் கொடுத்திருந்ததால் கடையில் திரும்ப எடுக்கவில்லை. மாத்திரை புதிதாக மாறும்போது முதல் பத்து நாளுக்கு மட்டும் வாங்குங்கள். குழந்தைப் பருவத்தில் வந்துபோன இளைப்பு, வீசிங் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள், படிவத்தில் கட்டம் இருக்கிறதோ இல்லையோ.

அடுத்து நிஃபெடிபின் ரிடார்ட் 20 மில்லிகிராம், இரண்டு வேளை. இதிலும் ஒரு கூத்து. மருந்துக்கடையில் 20 ரிடார்ட் இல்லை, 10 இருக்கிறது, இரண்டு இரண்டாகப் போடுங்கள் என்று கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து ஒன்றைப் பிரித்தால் மெத்தென்ற ஜெல் கேப்ஸ்யூல். மாத்திரை என்றுதானே சொன்னார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்தேன், அப்புறம் போட்டுக்கொண்டேன். நல்லவேளை, ஒன்றோடு நிறுத்தினேன். இருபது நிமிடத்தில் முகம் தீயாய்க் காந்தியது, நெஞ்சு டமடமவென்று அடித்தது, எழுந்து நின்றால் தலை சுற்றியது. பார்த்தால் 104/60. மருத்துவமனைக்கு போன் செய்தேன். இடதுபக்கமாக ஒருக்களித்துப் படுங்கள், கால் மணிக்கொருமுறை பிபி பாருங்கள் என்றார்கள். ஒரு மணி நேரத்தில் சரியானது. நிஃபெடிபின் ஒரே பெயரில் இரண்டு விதமாக வருகிறது. கேப்ஸ்யூல் சடாரென்று வேலை செய்யும், பிபியை ஒரேயடியாக இறக்கும். பிபி அப்படி இறங்கினால் குழந்தைக்குப் போகும் ரத்தமும் குறையும். தினசரி போட வேண்டியது மெதுவாகக் கரையும் வகை. அதன் அட்டையில் ரிடார்ட் என்றோ எஸ்.ஆர். என்றோ இருக்கும். அதையும் முழுதாக விழுங்க வேண்டும். உடைத்தாலோ மென்றாலோ அதுவும் கேப்ஸ்யூல் மாதிரி ஆகிவிடும். மசக்கையில் மாத்திரையைப் பார்த்தாலே குமட்டும்தான். நான் அரைத் துண்டு பிஸ்கட்டோடு விழுங்கப் பழகினேன். சரியான மாத்திரையிலும் முதல் வாரம் தலைவலியும் முகச்சூடும் இருந்தன, பிறகு போய்விட்டன. கணுக்கால் வீக்கம் மட்டும் கடைசிவரை போகவில்லை.

மெத்தில்டோபா எனக்கு வரவில்லை. ஆனால் என் பக்கத்து சீட்டுக்காரிக்கு அதுதான் கொடுத்தார்கள். அவள் எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் பார்த்தாள். அது ரொம்பப் பழைய மருந்து, பல பத்தாண்டுகளாகக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துவருவதால் குழந்தைக்கு ஆகாது என்ற பயம் குறைவு. அவளுக்கு 250 மில்லிகிராம் மூன்று வேளை, பிறகு நான்கு வேளை. முதல் இரண்டு வாரம் மதியம் கீபோர்டிலேயே தூங்கி விழுவாள், வாய் வறண்டு போகும். அவளுக்குப் பிரசவமான மறுநாளே அதை நிறுத்தி வேறு மாத்திரை கொடுத்துவிட்டார்கள். அது மனச்சோர்வைக் கொண்டுவரக்கூடியது, பிள்ளை பெற்ற நேரத்தில் வரும் சோர்வோடு அதுவும் சேரக் கூடாது என்பதற்காகவாம். உங்களுக்கு மெத்தில்டோபா போகிறது, பிரசவத்துக்குப் பின்னும் அதையே தொடரச் சொல்லியிருக்கிறார்கள் என்றால் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பிபி மாத்திரைக்கு மேலே 12ஆம் வாரத்திலிருந்து ஆஸ்பிரின் 150 மில்லிகிராம், இரவில். இதைக் கேட்டு அம்மா பதறிவிட்டார், ரத்தம் நீர்த்துப் போகுமே என்று. ஏற்கெனவே பிபி இருப்பவர்களுக்குப் பின்மாதங்களில் பிபி ஏறி, சிறுநீரில் புரோட்டீன் போகும் ப்ரீஎக்லாம்ப்சியா என்ற சிக்கல் வரும் வாய்ப்பு அதிகம், இந்தச் சின்ன அளவு ஆஸ்பிரின் அந்த வாய்ப்பைக் குறைக்கிறது. 16 வாரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். ஏழாம் மாதத்தில் ஞாபகம் வந்து ஆரம்பிப்பதில் பெரிய பயனில்லை என்பதால் இதை 12ஆம் வாரத்திலேயே நீங்களாகக் கேளுங்கள். அம்மாவிடம் நான் சொன்னது, "இது தலைவலிக்குப் போடுற அளவு இல்லம்மா, அதுல பாதிகூடக் கிடையாது." அதன்பின் அவர் கேட்கவில்லை. ஆனால் கள்ளக்குறிச்சியிலிருந்து வரும்போது, பேறுகாலத்தில் இருமல் வந்தால் என்று ஒரு டப்பா அதிமதுரம் கொண்டுவந்தார். அதிமதுரம் பிபியை ஏற்றும், கர்ப்பத்திலும் ஆகாது என்று மருத்துவர் சொன்னதும் அந்த டப்பா பரணுக்குப் போனது.

இனி பிபி மெஷின் கதை. முதலில் 1,100 ரூபாய்க்கு மணிக்கட்டில் கட்டுகிற மெஷின் வாங்கினேன். கையை வைக்கும் உயரத்தைப் பொறுத்து அது நிமிடத்துக்கொரு எண் சொன்னது. அதை விட்டுவிட்டுப் புஜத்தில் கட்டுவது 2,300க்கு வாங்கினேன். அதிலும் எனக்கு எப்போதும் மருத்துவமனையைவிட பத்து பன்னிரண்டு கூடவே காட்டியது. கடைசியில் நர்ஸ் ஒருவர் டேப் வைத்து என் புஜத்தை அளந்தார், 34 செ.மீ. மெஷினோடு வந்த பட்டை 22 முதல் 32 செ.மீ. வரைக்கானது. பட்டை சிறியதாக இருந்தால் பிபியை உண்மையில் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். பெரிய பட்டை தனியாக 700 ரூபாய். அதன்பின் இரண்டும் ஒத்துப்போயின. எனக்குச் சொல்லித்தந்த முறை இது: சிறுநீர் கழித்துவிட்டு, நாற்காலியில் முதுகு சாய்த்து, கால் இரண்டும் தரையில் படிய, ஐந்து நிமிடம் யாரிடமும் பேசாமல் இருந்து, கை நெஞ்சு உயரத்தில் இருக்க ஒருமுறை, ஒரு நிமிடம் கழித்து இன்னொருமுறை. காலையில் மாத்திரைக்கு முன், மாலையில் ஒன்று. எல்லாம் ஒரு 40 பக்க நோட்டில். எனக்கு வைத்த இலக்கு 135/85க்குள். 150/100 இரண்டு முறை வந்தால் போன் செய்ய வேண்டும். 160/110 வந்தால் போன்கூட வேண்டாம், கிளம்பிவிட வேண்டும். முன்பெல்லாம் கர்ப்பத்துக்கு முன்பே வந்த லேசான பிபியை 160 தொடும்வரை மாத்திரை இல்லாமல் விடுவதுண்டாம், மருந்தால் குழந்தை சிறுத்துப்போகும் என்ற பயத்தில். 2022இல் அமெரிக்காவில் 2,400 கர்ப்பிணிகளை வைத்து நடத்திய சோதனையில், 140/90க்குள் வைத்தவர்களுக்கு ஆபத்துகள் குறைந்தன, குழந்தை சிறுத்ததும் அதிகமாகவில்லை. 'இது லேசான பிபிதான், மாத்திரை எதுக்கு' என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

ஐந்தாம் மாதம் ஓர் அதிசயம் நடந்தது. நோட்டில் 112/70, 108/68 என்று வர ஆரம்பித்தது. எனக்கு ஒரே சந்தோஷம், பிபி போயே போய்விட்டது என்று கணவரிடம் சொன்னேன். நான் மாத்திரையை நிறுத்துவேன் என்று மருத்துவருக்குத் தெரிந்திருக்கிறது, நோட்டைப் பார்த்ததும் முதலில் அதைத்தான் சொன்னார்: "இது உங்க சாதனை இல்ல. இந்த மாசங்கள்ல ரத்தக்குழாய் எல்லாம் தளர்ந்து பெரும்பாலான கர்ப்பிணிகளுக்கு பிபி இறங்கும். ஏழு, எட்டுல திரும்பி ஏறும்." நிஃபெடிபின் ரிடார்டை 10 மில்லிகிராம் இரண்டு வேளை என்று குறைத்தார், நிறுத்தவில்லை. சொன்னபடியே 29ஆம் வாரத்தில் 128, 31இல் 136, 33இல் 142. மறுபடி 20, பிறகு 20 மூன்று வேளை. இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஐந்தாம் மாதத்தில்தான் முதன்முதலாக மருத்துவரிடம் போகிறவர்களுக்கு அன்று பிபி நார்மலாகத் தெரியும், அவர்களுக்கு முன்பே பிபி இருந்தது யாருக்கும் தெரியாமல் போகும். ஆகவே பழைய பிபி ஃபைலைப் பீரோவில் வைக்காமல் முதல் நாளே கொண்டுபோங்கள்.

திரும்பி ஏறும்போது, இது பழைய பிபிதான் ஏறுகிறதா, இல்லை ப்ரீஎக்லாம்ப்சியா வந்து சேர்ந்திருக்கிறதா என்பதுதான் பெரிய கேள்வி. இதற்காகத்தான் பத்து வாரத்திலேயே என்னிடம் யூரின் புரோட்டீன்-கிரியேட்டினின் விகிதம், கிரியேட்டினின், கல்லீரல் டெஸ்ட், பிளேட்லெட் எல்லாம் எடுத்து வைத்திருந்தார்கள். அப்போது 1,900 ரூபாய் வீண் என்று முணுமுணுத்தேன். 36 வாரம் 4 நாளில் பிபி 152/98, யூரின் விகிதம் 0.5. பத்து வாரத்தில் அது 0.1 இருந்தது. 0.3ஐத் தாண்டினால் கணக்கில் எடுப்பார்கள். பழைய எண் கையில் இருந்ததால் புரோட்டீன் இப்போதுதான் புதிதாக வருகிறது என்று ஒரே பார்வையில் முடிவு சொல்லிவிட்டார்கள், அன்றே அட்மிஷன். எனக்குத் தலைவலி இல்லை, கண்ணில் மின்னல் இல்லை, மேல்வயிற்று வலி இல்லை, நான் நன்றாகத்தான் இருந்தேன். அந்த அறிகுறிகள் வந்தால் உடனே ஓட வேண்டும் என்பது உண்மை, ஆனால் அவை வரவில்லை என்பதற்காக ஒன்றுமில்லை என்று இருந்திருந்தால் தெரிந்தே இருக்காது. 37 வாரத்தில் வலி வரவழைத்தார்கள். பெண் குழந்தை, 2.45 கிலோ. என் சார்ட்டின் மேல் சிவப்பு மையில் 'மெத்தர்ஜின் வேண்டாம்' என்று எழுதியிருந்தது. பிரசவத்துக்குப்பின் ரத்தப்போக்கை நிறுத்தப் போடும் அந்த ஊசி பிபியைத் தாறுமாறாக ஏற்றும் என்று நர்ஸ் சொன்னார். உதவிக்கு வேறு ஊசி இருக்கிறது.

குழந்தை பிறந்தால் எல்லாம் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள், ஐந்தாம் நாள் காலை 158/102. பிரசவத்துக்குப் பின் மூன்றிலிருந்து ஆறு நாளுக்குள் பிபி உச்சத்துக்குப் போவது வழக்கமாம். வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள், குழந்தை அழுகை, நான் பிபி பார்க்கவே மறந்திருந்தேன். லீவில் வந்திருந்த கணவர் பீரோவிலிருந்து பழைய டெல்மிசார்டன் அட்டையை எடுத்துவந்து, "இனிமே இதைப் போடலாம்ல, பாப்பாதான் வெளிய வந்துடுச்சே" என்றார். நியாயமான கேள்விதான். போன் செய்து கேட்டதற்கு, பால் கொடுக்கும்போது டெல்மிசார்டன் பாலில் எவ்வளவு போகிறது என்பதற்குப் போதுமான தகவல் இல்லை, வேண்டாம் என்றார்கள். அதற்குப் பதில் எனலாப்ரில் 5 மில்லிகிராம் கொடுத்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, கர்ப்பத்தில் கூடாது என்று எழுதிக் காட்டிய அதே '-ப்ரில்'. ஆனால் கர்ப்பமும் தாய்ப்பாலும் வேறு வேறு கணக்கு. எனலாப்ரில் பாலில் மிகக் கொஞ்சமே போகிறது, நிறைமாதத்தில் பிறந்த ஆரோக்கியமான குழந்தைக்கு அது பொருட்டல்ல. ஒரு வாரம் கழித்து என்னுடைய கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்த்தார்கள். உடல்வலிக்கு டிக்ளோஃபினாக் வேண்டாம், பாராசிட்டமால் போதும் என்றும் சொன்னார்கள், அந்த வலி மாத்திரையும் பிபியை ஏற்றக்கூடியது.

ஆறு மாதம் கழித்துத் தெருமுனை மருத்துவரிடம் போனேன். பாப்பாவைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். ஃபைலைத் திறந்து பழைய மாத்திரையின் பெயரைப் பாதி எழுதியிருந்தார். "சார், ரெண்டு வருஷத்துக்குள்ள இன்னொண்ணு யோசிக்கிறோம். இப்போ பாலும் குடுக்கிறேன், எனலாப்ரில்லயும் கர்ப்பம் ஆகிட்டா கஷ்டம்தானே?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் எழுதியதை அடித்துவிட்டு, நிஃபெடிபின் வகையைச் சேர்ந்த அம்லோடிபின் 5 என்று எழுதி, ஃபைலின் முதல் பக்கத்தில் என் வயசுக்குப் பக்கத்தில் 'கர்ப்பம் திட்டம் உண்டு' என்று ஒரு வட்டம் போட்டார்.